அவசரம் வேறு, 'அவசர' வேறு: ஒரு கிளினிக் பலகையின் நான்கு வரிகள்

"வவுனியாப் பக்கம் ஒரு கிராமத்துக் கிளினிக்குக்குப் புதுப் பலகைகள் போடுகிறோம். தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் வருகிற இடம். சிங்களத்தில் எழுதித் தந்த நாலு வரியை நான் தமிழாக்கி இணைத்திருக்கிறேன். வாசித்த ஒருவர், 'சிங்களத்தில கும்பிட்டுக் கூப்பிடுது, தமிழில அதட்டுது' என்கிறார். இரண்டிலும் கருத்தும் மரியாதையும் ஒரே அளவில் வர எப்படி எழுதுவது?"

அந்த வாசகர் சொன்னது சரி. ஆனால் அதட்டலை விடப் பெரிய பிழை ஒன்று உங்கள் முதல் வரியில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். வன்னியில் அரச கந்தோர்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். என் சிங்களம் கடிதத்திலும் கோப்பிலும் பழகிய சிங்களம். இலக்கணத்தையும் சொல்லின் பொருளையும் பற்றி உறுதியாகச் சொல்வேன். ஒரு சிங்களக் கிராமத்து அம்மாவின் காதில் ஒரு சொல் எப்படி விழும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கீழே சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதல் வரி, மருந்து கட்டும் அறைக் கதவுக்கு: "அவசரயகின் தொரவ எதுளு நொவன்ன." நீங்கள் எழுதியது: "அவசரம் இல்லாமல் உள்ளே வராதே." சிங்களத்தில் 'அவசர' என்றால் அனுமதி. நாம் அவசரம் என்று சொல்வதற்கு அவர்கள் சொல் 'ஹதிஸி'. அவசர சிகிச்சைப் பிரிவை 'ஹதிஸி ப்ரதிகார ஏககய' என்பார்கள். ஆக அந்தச் சிங்கள வரி சொல்வது "அனுமதி இல்லாமல் உள்ளே வர வேண்டாம்" என்பதுதான். உங்கள் தமிழ் வரியோ, அவசர நோயாளி மட்டும் வரலாம், மற்றவர்கள் வெளியே இருக்கட்டும் என்கிறது.

இது வெறும் பகிடி இல்லை. பல வருடத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் இதே வரியை இதே பிழையோடு பார்த்தேன். காலில் சீனிப் புண்ணோடு ஒரு வயதான அம்மா கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தார். காலை எட்டு மணிக்கு வந்தவர், பதினொரு மணிக்கும் அங்கேயே இருக்கிறார். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "அவசரமெண்டால்தான் போகலாமாம் தம்பி. எனக்கு அவசரமில்லை, புண்தானே" என்றார். அதே நேரம் சிங்களம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் வந்து, கதவைத் தட்டி, கேட்டு, உள்ளே போய், கட்டுப் போட்டுக்கொண்டு போயும் விட்டார்கள். அந்த அம்மாவை யாரும் தடுக்கவில்லை, பலகைதான் தடுத்தது. உள்ளே இருந்த தாதிக்கு அவர் வெளியில் இருப்பதே தெரியாது.

சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் வந்த சொற்கள்தான் இப்படிப்பட்ட குழிகள். சிங்களத்தில் 'உபதெஸ்' என்றால் அறிவுறுத்தல்கள், எங்களுக்கு உபதேசம் என்றால் கோயில் பிரசங்கம். சிங்களத்தில் 'ரோகீன்' என்பது நோயாளர் என்பதற்கான முறையான, மரியாதையான சொல், தமிழில் 'ரோகிகள்' என்று எழுதினால் சீக்காளிகள் என்று ஏசுவது போல் இருக்கும். ஆகவே தெரிந்த சொல் போல ஒன்று கண்ணில் பட்டால் அங்கேதான் நிறுத்திச் சந்தேகப்பட வேண்டும். தெரியாத சொல்லுக்கு நாம் எப்படியும் அகராதியைத் திறப்போம். தெரிந்தது போல இருக்கும் சொல்தான் நம்மை ஏமாற்றும்.

சரி, இப்போது மரியாதைக்கு வருவோம். இரண்டு மொழியிலும் வினைச்சொல்லின் வாலில்தான் மரியாதை இருக்கிறது. 'கழற்று' என்பதற்குச் சிங்களத்தில் 'கலவபன்', 'கலவன்ன', 'கலவனு மெனவி' என்று மூன்று படிகள் வைத்துக்கொள்ளுங்கள். 'கலவபன்' மிகவும் கீழ்ப்படி, பலகையில் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் சண்டை வரும். 'கலவன்ன' அன்றாட மரியாதை. 'கலவனு மெனவி' எழுத்து வழக்கின் பணிவு. தமிழில் அதே வரிசை 'கழற்று', 'கழற்றுங்கள்', 'கழற்றவும்'. சிக்கல் என்னவென்றால், தமிழ்ப் பலகைகளில் 'கழற்று', 'துப்பாதே', 'வராதே' என்ற கீழ்ப்படி வெகு சாதாரணமாக ஏறிவிடுகிறது. இடம் மிச்சம் என்று எழுதுபவர் நினைக்கிறார். ஆனால் பக்கத்திலேயே சிங்களம் 'ன்ன' என்று முடிகிறது. இரண்டும் தெரிந்தவர் நின்று வாசித்தால், ஒருவரை நீங்கள் என்றும் மற்றவரை நீ என்றும் கூப்பிடுவது போலத்தான் அவருக்குப் படும். உங்களிடம் குறை சொன்னவருக்கும் அதுவே பட்டிருக்கிறது.

நான் கைக்கொள்ளும் பொருத்தம் இது. 'ன்ன' என்ற முடிவுக்கு 'உங்கள்'. 'னு மெனவி' என்ற முடிவுக்கு 'வும்'. 'கருணாகர' ஒன்று இருந்தால் 'தயவுசெய்து' ஒன்று, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இரண்டு சொல்லும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை, ஒன்றில் கருணை, மற்றதில் தயவு. 'கரன்ன எபா' என்றால் 'செய்ய வேண்டாம்'. 'எபா' தனியே வந்தாலும் 'வேண்டாம்' தனியே வந்தாலும் 'எனக்குத் தேவையில்லை' என்றுதான் பொருள், வினையோடு சேர்ந்தால் இரண்டுமே தடுப்பு. இவ்வளவு அழகாகப் பொருந்தும் சோடி வேறு கிடையாது. 'தஹனம்' என்றால் 'தடை'. 'வும்' என்ற முடிவைக் கொஞ்சம் வறட்சியாக, சுற்றுநிருபம் போல உணர்கிறவர்களும் உண்டு. எனக்கும் கிளினிக்கில் 'உங்கள்' என்பதே பிடிக்கும். இது என் விருப்பம்தான், சட்டம் இல்லை. ஆனால் ஒரு பலகையில் ஒரு படியைத் தெரிந்தெடுத்தால் கடைசி வரி வரை அதே படியில் நில்லுங்கள்.

'தடை' என்ற படியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புகைத்தல் பற்றிய வரிக்குத் தயவும் வேண்டாம், கருணையும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் வைத்தியசாலை போன்ற பொது இடங்களுக்குள் புகைப்பதைத் தடுக்கிறது. அங்கே பேசுவது சட்டம், கிளினிக் இல்லை. ஆகவே 'தும் பீம தஹனம்', 'புகைத்தல் தடை'. இரண்டும் மொட்டையாக இருக்கலாம், மொட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் யாருக்கும் மனக்குறை வராது. ஒரு பக்கம் மட்டும் தயவுசெய்து என்று போட்டால், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஏதோ சலுகை இருப்பது போலத் தெரியும்.

உங்கள் இரண்டாம் வரி பாதணி. "கருணாகர பாவஹன் கலவா மெஹி தபன்ன." நீங்கள் எழுதியது: "செருப்பை இங்கே கழட்டு." வினையின் படியும் போய்விட்டது, 'கருணாகர'வும் போய்விட்டது. மூன்றாவதாக ஒன்றும் போயிருக்கிறது, அது பெயர்ச்சொல். சிங்களவர் பேச்சில் செருப்பைச் 'செரெப்பு' என்றுதான் சொல்வார்கள், எங்களிடமிருந்து போன சொல். ஆனால் பலகையில் எழுதும்போது ஒரு படி மேலே போய் 'பாவஹன்' என்கிறார்கள். எங்களுக்கும் அதே உயரத்தில் ஒரு சொல் இருக்கிறது, 'பாதணி'. செருப்பு என்ற சொல்லை வைத்து நாம் எவ்வளவு ஏச்சு வைத்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே: "தயவுசெய்து பாதணிகளைக் கழற்றி இங்கே வையுங்கள்." இதற்கு மேலேயும் போக வேண்டாம். 'பாதரட்சைகளை அகற்றுக' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அது மரியாதை இல்லை, செய்யுள்.

மூன்றாவது வரி இரத்தப் பரிசோதனைக்கு: "நிராஹாரவ பெமிணென்ன." நீங்கள் எழுதியது: "விரதமிருந்து வரவும்." மரியாதையில் குறை இல்லை. 'பெமிணென்ன' என்பது 'வருகை தாருங்கள்' என்ற அளவுக்குப் பணிவான சொல், உங்கள் 'வரவும்' அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் கருத்து உடைந்திருக்கிறது. விரதம் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமை விரதக்காரர் பால் குடிப்பார், வாழைப்பழம் சாப்பிடுவார், சிலர் ஒருநேரம் சோறும் சாப்பிடுவார்கள், மச்சம் மட்டும் இல்லை. முஸ்லிம் ஆட்களுக்கு நோன்பு என்றால் தண்ணீரும் கிடையாது. வெறும் வயிற்றுச் சீனிப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், ஆனால் வெறும் தண்ணீர் குடிக்கலாம். பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்குச் சீனி கூடக் காட்டும். தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் பஸ் ஏறி வந்த வயதானவர் வாங்கிலேயே சோர்ந்து விழுவார். சிங்களத்தில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் 'நிராஹார' என்பதற்கு உணவில்லாமல் என்பதே நேர்ப்பொருள். ஆனாலும் தண்ணீர் பற்றி அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இந்த இடத்தில் மொழிபெயர்க்காதீர்கள், இரண்டையும் புதிதாக எழுதுங்கள்.

தமிழில்: "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வாருங்கள். தேநீர், பால் வேண்டாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம்." சிங்களத்தில்: "ராத்ரி ஆஹாரயென் பசு கிஸிவக் நொகா பெமிணென்ன. தே, கிரி எபா. வதுர பமணக் பொன்ன புளுவன்." 'புளுவன்' பேச்சுச் சொல். எழுத்துச் சிங்களம் 'ஹெகிய' என்று கேட்கும், 'வதுர' கூட 'ஜலய' ஆகிவிடும். நான் பேச்சு வழக்கை விட்டுவைத்ததற்குக் காரணம், தமிழ் வரியும் அதே எளிமையில் இருக்கிறது. தமிழில் 'நீர் அருந்தலாம்' என்று எழுதினால் சிங்களத்தையும் உயர்த்தத்தான் வேண்டும். எளிமையும் ஒரு மரியாதை, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சாப்பிடாமல் இருக்க வேண்டிய மணிக்கணக்கைப் பரிசோதனைக்குப் பரிசோதனை மாற்றிச் சொல்வார்கள். பலகையில் எண் போடுவதானால் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேட்டே போடுங்கள்.

நான்காவது வரிதான் எனக்குக் கவலை தந்தது. "மானசிக சௌக்ய சாயனய" என்று சிங்களம் சொல்கிறது. மானசிக சௌக்ய என்றால் மன நலம். தமிழில் நீங்கள் "மனநோயாளர் கிளினிக்" என்று போட்டிருக்கிறீர்கள். சிங்களம் நலத்தின் பெயரைச் சொல்லிக் கதவைத் திறக்கிறது, தமிழ் நோயாளி என்று நெற்றியில் எழுதி உள்ளே விடுகிறது. வன்னியில் 2009க்குப் பிறகு நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை என்று வருகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்கள் யாரும் தங்களை மனநோயாளர் என்று நினைப்பதில்லை. றோட்டில் போகிற அயலவர் பார்க்கத் தக்கதாக அந்தப் பலகைக்குக் கீழே போய் உட்காரவும் மாட்டார்கள். "மனநலக் கிளினிக்" என்று போடுங்கள். 'கிளினிக்' என்பதை விட்டு 'சிகிச்சை நிலையம்' என்றும் போடலாம், ஆனால் ஊரில் எல்லாரும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், கிளினிக் என்றுதான் சொல்கிறார்கள். மார்பு நோய்ப் பிரிவுக்கும் இதே விதி. சிங்களத்தில் 'லய ரோக' என்று நெஞ்சைச் சொல்லி நிறுத்தியிருந்தால், தமிழில் 'காசநோய்' என்று நாம் உடைத்துச் சொல்லக் கூடாது.

இந்தப் பிழை ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, அடுத்த வருடம் வந்த பதினாறாம் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழி என்று வைத்தது. ஆகவே வன்னியில் தமிழ் வரிதான் மூலம், சிங்களம் அதன் சோடி என்று எழுதத் தொடங்குவதில் தவறே இல்லை. ஆனால் அப்படி எழுதும்போது அடி சிங்கள வரிக்கு விழும். சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பழகிய நம் பொடியன் ஒருவன் 'நோயாளர் அமருமிடம்' என்பதற்கு 'லெட்டு இந்தகன்ன தென' என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். 'லெட்டு' என்றால் வருத்தக்காரர் என்று சும்மா கதைப்பில் சொல்வது. பலகையில் 'ரோகீன்' என்றுதான் வர வேண்டும். நல்லவேளை பெயின்ட் அடிக்க முன் ஒரு சிங்களத் தாதி பார்த்துச் சிரித்துத் திருத்தினார். அவரையும் நாம் 'தாதி' என்று மொட்டையாகத்தான் எழுதுகிறோம். சிங்களம் 'ஹெத நிலதாரினி' என்று உத்தியோகப் பெயரோடு சொல்லும். 'தாதிய உத்தியோகத்தர்' என்று எழுதினால் சரி.

இன்னும் ஒரு சோடி உங்களுக்கு உதவும். கர்ப்பிணிகளுக்கான வாங்குக்குச் சிங்களத்தில் 'கெபினி மவ்வருன் சந்தஹா' என்று இருக்கும். 'மவ்வரு' என்பதில் உள்ள 'வரு' மரியாதைப் பன்மை. எங்கள் 'தாய்மார்' என்பதில் உள்ள 'மார்' அதே வேலையைச் செய்கிறது. ஆகவே 'கர்ப்பிணிப் பெண்களுக்கு' என்பதை விடக் 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்பதே சரிநிகர். எழுத்தை மட்டும் பத்திரமாகப் பாருங்கள். 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா' விழுந்து நம் நாட்டு பஸ் இருக்கைகளுக்கு மேல் வந்ததைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தும் இருப்பீர்கள், வயிறெரிந்தும் இருப்பீர்கள்.

முதல் வரிக்குத் திரும்ப வருகிறேன், அதை இன்னும் திருத்தவில்லை. "அனுமதி இல்லாமல் உள்ளே வர வேண்டாம்" என்று எழுதினால் கருத்துச் சரி. ஆனால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் 'வர வேண்டாம்' என்பதை மட்டும் வாசித்துவிட்டு வாங்குக்குத் திரும்பிவிடுவார்கள். தடுப்பைத் தூக்கிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "கதவைத் தட்டி, அனுமதி பெற்று உள்ளே வாருங்கள்." சிங்களத்தையும் மாற்றுங்கள்: "தொரட்ட தட்டு கர, அவசர கென எதுளு வன்ன." மூலத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால், பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இரண்டு வரியையும் ஒன்றாகக் காட்டிக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் யாரும் மறுத்ததில்லை.

எழுதி முடித்ததும் சோதிக்கும் முறை எளிது. ஒரு தாளில் இரண்டையும் பெரிதாக அச்சிட்டு, பாதியை மடித்து மறையுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஐந்து பேர், சிங்களம் மட்டும் தெரிந்த ஐந்து பேர், கிளினிக் நாளில் வாங்கிலேயே கிடைப்பார்கள். "விளங்குதா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். "இதை வாசித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு, "இதைச் சொல்வது யார் மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு பக்கம் 'மிஸ்ஸி சொல்ற மாதிரி' என்றும் மறுபக்கம் 'பொலிஸ் சொல்ற மாதிரி' என்றும் பதில் வந்தால், வினைச்சொல்லின் வாலைத் திரும்பப் பாருங்கள். வாசிக்க வராதவரிடம் நீங்களே வாசித்துக் காட்டிக் கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை.

கடைசியாகப் பெயின்ட் கடை. ஒரே கருத்துக்குத் தமிழ் வரி அநேகமாகச் சிங்களத்தை விட நீண்டு வரும். இடம் போதாவிட்டால் எழுதுபவர் தமிழைச் சுருக்கி நெருக்குவார், தூரத்திலிருந்து பார்த்தால் அது இரண்டாந்தரமாகத் தெரியும். எழுத்தளவு எண்ணை நம்ப வேண்டாம், 'க' எழுத்தின் உயரத்தையும் சிங்களக் 'க'வின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து ஒன்றாக வையுங்கள். இடம் போதாவிட்டால் சொல்லைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள். இன்னொன்று, கடைகளில் தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் அபய போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னமும் ஓடுகின்றன. நீங்கள் யூனிகோடில் அனுப்பியதை அங்கே திரும்பத் தட்டுவார்கள், அல்லது மாற்றும்போது கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும், புள்ளி காணாமல் போகும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுத்து, "இதைப் படமாகவே எடுங்கள், தட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள். மாதிரி அச்சு வந்ததும் சிங்களப் பாதியை நீங்கள் பார்த்து ஓம் சொல்லாதீர்கள். அதை ஒரு சிங்கள ஆள் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும், தமிழ்ப் பாதியை நீங்கள் பாருங்கள், இரண்டு பேரும் அதே தாளில் கையெழுத்துப் போட்டுக் கடைக்குக் கொடுங்கள்.